27-ஆம் கொக்கி: கதையைப் படித்தவர்கள் கேட்ட சந்தேகங்கள்

நான் ஏழு வருடம் இரவுக் காவல் வேலை பார்த்தவன். அந்த வேலையிலிருந்து ஒரே ஒரு சிறுகதைதான் எழுத வந்தது: கட்டடம் மூடும் நேரத்தில் சாவிப் பலகையில் உள்ள ஒவ்வொரு சாவியையும் ஒரு காவலாளி தொட்டுப் பார்க்கிற கதை. கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்களில் பாதிப் பேர் கதை எழுதுகிறவர்கள், மீதிப் பேர் சாவிகளோடு வேலை செய்கிறவர்கள். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வந்தன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

1. நான் இன்னும் கதையைப் படிக்கல. என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லுங்க.

நாலு மாடி அலுவலகக் கட்டடம். வாசல் அறையில் 40 கொக்கிகள் உள்ள சாவிப் பலகை. இரவுக் காவலாளி மாலை 6 மணிக்குப் பகல் காவலாளியிடமிருந்து பொறுப்பை வாங்குகிறார். அப்போது 31 சாவிகள் பலகையில் தொங்குகின்றன, 9 சாவிகள் வெளியே போயிருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. கூட்டினால் 40. கையெழுத்துப் போடுகிறார். 9 மணிக்குள் அந்த ஒன்பதும் திரும்பி வந்துவிடுகின்றன. கட்டடம் காலி. வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, தினமும் செய்வதுபோல முதல் கொக்கியிலிருந்து ஒவ்வொரு சாவியாகத் தொட்டுக்கொண்டு வருகிறார்.

27-ஆம் கொக்கியில் கை நிற்கிறது. சாவி இருக்கிறது. அதன் வளையத்தில் 27 என்ற வில்லையும் இருக்கிறது. ஆனால் அவர் விரல்களுக்குத் தெரிந்த சாவி அது இல்லை. பழைய சாவி தேய்ந்து மழுங்கியது, இது யார் கையிலும் புழங்காதது. ஆவண அறையின் சாவி மாறியிருக்கிறது. அசல் சாவி எங்கேயோ வெளியில் இருக்கிறது.

அதன் பிறகு கதையில் நடப்பது ஒரு மணி நேரம்தான். மாடிக்குப் போய்க் கதவைப் பார்க்கிறார், மாற்றுச் சாவி வைத்த உறையைப் பார்க்கிறார், பொறுப்பு அதிகாரிக்குப் போன் செய்கிறார், பதிவேட்டில் எழுத உட்காருகிறார். என்ன எழுதுவது என்பதுதான் கதை.

2. சாவிப் பலகைன்னா சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வைக்கிறதா? அதுக்கு ஏன் இவ்வளவு?

ஆணி அடித்த பலகையும் உண்டு. கதையில் வருவது கதவு வைத்த ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. உள்ளே பத்துப் பத்தாக நாலு வரிசைக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு எண். ஒவ்வொரு சாவியின் வளையத்திலும் அதே எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை. எந்த எண் எந்த அறை என்ற பட்டியல் பலகையில் இருக்காது, அது தனியாக இருக்கும். வில்லையில் அறையின் பெயரை எழுதினால், சாவியைக் கீழே கண்டெடுக்கிறவருக்கு வழியும் சேர்த்துச் சொன்னது போல ஆகிவிடும்.

பலகையோடு மூன்று பொருட்கள் சேர்ந்தே இருக்கும். யார், எந்தச் சாவியை, எத்தனை மணிக்கு வாங்கினார், எப்போது திருப்பினார் என்று எழுதும் பதிவேடு ஒன்று. மாற்றுச் சாவிகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் இழுப்பறை ஒன்று. கடைசியாக, பெட்டிக்கும் இழுப்பறைக்கும் உரிய இரண்டு சாவிகள். அவை பலகையில் தொங்காது, பணியில் இருக்கும் காவலாளியின் இடுப்பில் இருக்கும். கதையில் இந்த மூன்றுக்குமே வேலை இருக்கிறது.

3. நாற்பது இருக்கான்னு எண்ணினா போதாதா? எதுக்கு ஒவ்வொண்ணையும் தொடணும்?

எண்ணினால் தெரிவது ஒன்றுதான்: காலிக் கொக்கி இருக்கிறதா இல்லையா. தப்பான சாவி சரியான கொக்கியில் தொங்கினால் எண்ணிக்கை வாயே திறக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாவியைத் திருப்பும்போது 14 போய் 15-இல் உட்காருவது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். வில்லை கழன்று விழுந்து, யாரோ அதை எடுத்துப் பக்கத்துச் சாவியில் மாட்டிவிடுவதும் நடக்கும். இவற்றில் எதிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் பலகை பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நான் எண்ணி மட்டும் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் அதிகாலை நாலு மணிக்குத் தண்ணீர்க் குழாய் உடைந்து மேல்மாடியில் வெள்ளம். மோட்டார் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பூட்டில் நுழையவே இல்லை. இரண்டு வில்லைகள் இடம் மாறியிருந்தன. ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து அறையைத் திறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தண்ணீர் கீழ்மாடிக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் எண்ணுவதை நிறுத்தவில்லை, எண்ணுவதோடு நிற்பதை நிறுத்தினேன்.

4. அவர் எப்படிப் பார்க்கிறார்? கதையில கொஞ்சம் வேகமா போயிடுது. படிப்படியா சொல்ல முடியுமா?

முதலில் பதிவேட்டைப் பார்க்கிறார். வெளியே போன எல்லாச் சாவிக்கும் எதிரே திருப்பிய நேரமும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று. பிறகு பலகை. இடது மேல் மூலையில் தொடங்குகிறார். இடது கை விரலைக் கொக்கியின் மேல் வைக்கிறார், வலது கையால் சாவியைக் கழற்றுகிறார். வில்லையைத் திருப்பி எண்ணைப் பார்த்து, வாய்க்குள் சொல்கிறார். கட்டைவிரலைச் சாவியின் தலையிலும் பல்லிலும் ஒருமுறை ஓட்டுகிறார். திரும்ப மாட்டுகிறார், எல்லாச் சாவியின் பல்லும் ஒரே பக்கம் பார்க்கும்படி. பிறகு இடது கை அடுத்த கொக்கிக்கு நகர்கிறது.

கழற்றாமல் பார்த்தால் கண் ஏமாற்றும். கண் பார்க்க எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும். இடது கை விரல் எதற்கென்றால், நடுவில் போன் அடித்தாலோ யாராவது கூப்பிட்டாலோ விட்ட இடம் தெரிவதற்கு. விரல் கொக்கியை விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்குவது அவருடைய வழக்கம். ஒரு சாவிக்கு ஆறு ஏழு விநாடி. நாற்பதுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. இதற்கு நேரமில்லை என்று சொல்லும் காவலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

5. தொட்டுப் பார்த்தே சாவி மாறிடுச்சுன்னு தெரியுமா? இது கதைக்காகச் சொன்னதா?

தெரியும். தினமும் அதே நாற்பதைத் தொடுகிற கைக்குத் தெரியும். புழங்குகிற சாவியின் பல் முனைகள் பூட்டுக்குள் உரசி உரசி உருண்டுபோகும். தலையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும் இடத்தில் பூச்சு போய், உள்ளே இருக்கும் பித்தளையின் மஞ்சள் தெரியும். வளையம் உரசும் துளை சற்று நீண்டுபோயிருக்கும். புழங்காத சாவிக்கு இது எதுவும் இல்லை. பல் முனை விரலைக் கீறுவது போல இருக்கும், பூச்சு முழுசாக இருக்கும், துளை வட்டமாகவே இருக்கும்.

கதையில் வெப்பத்தையும் எழுதியிருக்கிறேன். சட்டைப் பையிலிருந்து இப்போதுதான் வந்த சாவி சில நிமிடம் வரைக்கும் இளஞ்சூடாக இருக்கும். கடைசியாகத் திரும்பி வந்த 8-உம் 33-உம் அவர் கையில் சூடாக இருக்கின்றன. 27 குளிர்ந்திருக்கிறது. அது துப்பு இல்லை, பகல் முழுக்கத் தொங்கிய எந்தச் சாவியும் குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் கை எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று வாசகருக்கு அங்கே தெரிந்துவிட்டால், பல் முனை கீறும்போது நம்புவார்.

ஒரு எல்லையும் உண்டு. யாரும் தொடாத அறைகளின் சாவிகள் பத்து வருடம் ஆனாலும் புதிதாகவே இருக்கும். அவற்றில் ஒன்றை மாற்றி வைத்தால் என் கைக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் தினமும் திறக்கும் ஆவண அறையைத் தேர்ந்தெடுத்தேன்.

6. சரி, மாறிடுச்சு. ஆனா அது வெளியில வெட்டின கள்ளச்சாவி இல்ல, உறையில இருந்த மாற்றுச் சாவிதான்னு எப்படிச் சொல்றார்?

மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். சாவியின் தலையில் பூட்டு செய்த கம்பெனியின் முத்திரை இருக்கிறது. அதன் கீழே பொறித்த தொழிற்சாலை எண், பதிவேட்டின் முன்பக்கத்தில் அறை 27-க்கு எழுதி வைத்த எண்ணோடு ஒத்துப்போகிறது. கடையில் வெட்டிய சாவி பெரும்பாலும் வேறு முத்திரையுள்ள வெற்றுச் சாவியில் வெட்டப்படும், அந்த எண்ணைக் கடைக்காரர் பொறிக்கமாட்டார். வெட்டிய இடத்தில் பளபளப்பும் நெருக்கமான கோடுகளும் இருக்கும். இந்தச் சாவியில் பளபளப்பு இல்லை, பழைய மங்கல் இருக்கிறது. வயது ஆனது, ஆனால் புழங்காதது. அப்படி ஒரு சாவி இருக்கக்கூடிய ஒரே இடம் உறை.

வளையத்திலும் ஒரு தடயம். அது சுருள் வளையம், நகத்தை விட்டு நெம்பினால் திறக்கும். நெம்பிய இடத்தில் சுருள் கொஞ்சம் விரிந்து நிற்கிறது. முனையைப் பற்றவைத்து மூடிய வளையமாக இருந்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும், மாலையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

எல்லாச் சாவியிலும் தொழிற்சாலை எண் இருக்காது. இல்லாவிட்டால் காவலாளியால் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. 'இது பழைய சாவி இல்லை' என்பதோடு நின்றிருப்பார்.

7. திருடன்னா அசலைத் திரும்ப மாட்டிட்டு நகலைத்தானே எடுத்துட்டுப் போவான்? இங்க தலைகீழா இருக்கே, தப்பு விட்டுட்டீங்களா?

தப்பு இல்லை. கதை நிற்பதே இந்த இடத்தில்தான். இதைக் கேட்டவர்கள் கதையைச் சரியாகப் படித்தவர்கள்.

அறைக்குள் திருட்டுத்தனமாகப் போக நினைப்பவர் சாவியை நகல் எடுத்துக்கொண்டு, அசலை இருந்த இடத்தில் மாட்டிவிடுவார். பலகையில் எதுவுமே மாறியிருக்காது, எந்தக் கையும் கண்டுபிடிக்காது. மாற்றுச் சாவியை எடுத்து வந்து கொக்கியில் மாட்டுகிறவரிடம் அசல் இல்லை. அவர் அதைத் தொலைத்திருக்கிறார். காலிக் கொக்கியைப் பார்த்துப் பயந்துபோய், எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்று மட்டும் நினைத்து ஒரு சாவியை மாட்டியிருக்கிறார். காவலாளிக்கு இது புரிய இரண்டு நிமிடம் ஆகிறது. புரிந்ததும் அவருக்குக் கோபம் வருவதில்லை, வயிறு கலங்குகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று நம்புகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் பயந்தவர் செய்ததால் ஆபத்து குறையவில்லை. தொலைந்த சாவி கீழே கிடக்கலாம், யார் கையிலாவது இருக்கலாம். அதனால்தான் அவர் எழுதுவதற்கு முன் மேலே போகிறார். கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கிறார். கையிலிருக்கும் சாவியைப் போட்டுத் திருப்புகிறார். இத்தனை வருடம் தேய்ந்த சாவியோடு சேர்ந்து தேய்ந்த பூட்டு, தேயாத சாவியை இறுக்கமாக வாங்குகிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டி, நாதாங்கியில் வேறொரு தொங்கு பூட்டையும் போடுகிறார். காலையில் அந்தக் கதவின் பூட்டையே மாற்றவேண்டும். அதுவரைக்கும் 27-ஆம் சாவி எந்தக் கையில் இருந்தாலும் கதவு திறக்காது.

8. சாவி அன்னைக்குத்தான் மாறிச்சுன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றார்? போன மாசமே மாறியிருக்கலாமே?

முந்தின இரவு 9 மணிக்கு அதே 27-ஐ அவரே தொட்டிருக்கிறார், மழுங்கிய பல் அப்போது இருந்தது. இரவு முழுக்கப் பெட்டி பூட்டியிருந்தது, அவர் ரோந்து போனபோதும் சாவி இடுப்பில்தான். காலை 6 மணிக்குப் பகல் காவலாளியிடம் ஒப்படைத்தார். ஆக, மாறியது காலை 6-க்கும் இரவு 9-க்கும் நடுவில். பதினைந்து மணி நேரம். அன்றைய பதிவேட்டில் 27 யாருக்கும் கொடுக்கப்படவே இல்லை, தினமும் போகிற சாவி அன்று மட்டும் போகவில்லை. அதுவே ஒரு செய்தி.

தினமும் தொடாமல் எண்ணி மட்டும் வந்திருந்தால், கடைசியாக எப்போது அசல் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் ஒரு மாதத்துக்கும் பரவும், சாவி வாங்கிய அத்தனை பேர் மேலும் விழும். மூன்றாவது கேள்வியில் கேட்டதற்கு இன்னொரு பதில் இது. தினசரிச் சோதனையால் நல்லவர்கள் சந்தேகத்திலிருந்து தப்பிக்கிறார்கள்.

9. உறையைப் பிரிச்சுப் பார்த்தா விஷயம் முடிஞ்சிடுமே? கையில வெச்சுக்கிட்டு ஏன் பிரிக்கல?

பிரிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. உறை ஒட்டியிருக்கிறது. மடிப்பின் மேல் குறுக்காகப் போட்ட கையெழுத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரு நூல் அளவு விலகி நிற்கின்றன. யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த விலகல்தான் சாட்சி. அவர் பிரித்தால் சாட்சி அழிந்துவிடும். அதற்குப் பிறகு, இதைப் பிரித்தது யார் என்று கேட்டால் உண்மையான பதிலில் அவர் பெயரும் இருக்கும்.

உறையைத் தடவிப் பார்க்கிறார், உள்ளே ஏதோ ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. அது என்ன என்பதைக் கதை சொல்வதில்லை. பொறுப்பு அதிகாரிக்குப் போன் செய்து கேட்கிறார். "காலையில் நான் வந்து பார்க்கிறேன், கண்டதை எழுதி வையுங்கள்" என்று பதில் வருகிறது. இழுப்பறையைப் பூட்டுகிறார்.

10. மாலை ஆறு மணிக்கு 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டதும் அவர்தானே? அப்ப அவர் மேலயும் தப்பு இருக்கே?

இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். ஆறு மணிக்கு ஆட்கள் போவதும் வருவதுமாக இருக்கும் நேரம். 31 தொங்குகிறது, 9 எழுதியிருக்கிறது, கூட்டினார், போட்டார். மூடும்போது எப்படியும் ஒவ்வொன்றாகப் பார்க்கத்தானே போகிறோம் என்ற நம்பிக்கை. ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு பலகையின் பொறுப்பு அவருடையது. 27 ஏற்கெனவே மாறியிருந்தது என்று இப்போது சொன்னால், பார்க்காமல் ஏன் வாங்கினாய் என்ற கேள்வி வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழரை மணிக்கு வெளிவிளக்கைப் போட அவர் நாலு நிமிடம் எழுந்து போனார். அப்போது பெட்டியைப் பூட்டவில்லை. அந்த நாலு நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை, எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கதையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பக்கம் இது. முதல் பிரதியில் அவரை அப்பழுக்கில்லாதவராக எழுதியிருந்தேன். அப்போது கதை வெறும் துப்பறியும் கணக்காக இருந்தது. நாலு நிமிடத்தைச் சேர்த்த பிறகுதான் பேனா அவர் கையில் கனத்தது.

11. பகல் காவலாளிதான்னு நமக்கே தெரியுது. அவர் ஏன் பெயரை எழுதல? நண்பரைக் காப்பாத்தறாரா?

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"27: கொக்கியில் சாவி இருக்கிறது. நேற்று இரவு 9 மணிக்கு இருந்த சாவி இது அல்ல. இன்று 27 யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 27-ஆம் உறையில் மடிப்பின் மேலுள்ள கையெழுத்து சேரவில்லை. உறையை நான் பிரிக்கவில்லை. மாலை 6 மணிக்கு எண்ணி மட்டும் பொறுப்பு வாங்கினேன். 7.30 மணிக்கு 4 நிமிடம் நான் இடத்தில் இல்லை, பெட்டி திறந்திருந்தது."

பதிவேட்டில் கண்டது போகும், ஊகித்தது போகாது. பகல் காவலாளி சாவியை மாட்டியதை அவர் பார்க்கவில்லை. ஏழாவது பதிலில் உள்ள காரணங்கள் எல்லாம் வலுவானவைதான், ஆனாலும் அவை அவர் தலைக்குள் நடந்தவை. பெயரை எழுதினால் நாளைக்கு அது தப்பாகிப்போகலாம், அதோடு சேர்ந்து மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும். எழுதாமல் விட்டால் படிக்கிற அதிகாரி அந்த வரிகளிலிருந்து தானே போகவேண்டிய இடத்துக்குப் போவார்.

நண்பரைக் காப்பாற்றுகிறாரா என்றால், இல்லை. காப்பாற்ற நினைத்திருந்தால் 'இருக்கிறது' என்ற ஒரே சொல்லோடு நிறுத்தியிருப்பார். பதிவேட்டில் அந்தக் கட்டம் அவ்வளவு சின்னதுதான். 'இருக்கிறது', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றை எழுதத்தான் அதில் இடம். அவர் எழுதியது கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் இறங்கி, அடுத்த பக்கத்துக்குப் போகிறது.

12. நாற்பது சாவியைப் பத்தியும் எழுதினா படிக்கிறவனுக்கு அலுக்காதா?

நாற்பதையும் எழுதவில்லை. ஏழு சாவிகளுக்குத்தான் வாக்கியம் கொடுத்திருக்கிறேன். முதல் மூன்றை முழுச் செய்கையோடு மெதுவாக எழுதினேன், வாசகரின் கையும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்படி. பிறகு 4 முதல் 7 வரைக்கும் ஒரே வரி. 8 இளஞ்சூடாக இருக்கிறது. 19-இல் வில்லை வளைந்திருக்கிறது, அதை வளைத்தவர் யார் என்று ஒரு சின்ன நினைவு. 26-ஐ மாட்டுகிறார். 27.

27-க்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. அன்றைக்கு அவர் மனசில் ஏதோ உறுத்தியது என்று எழுதுவது எளிது, ஆனால் அப்படி எழுதினால் சோதனையின் பலன் உள்ளுணர்வுக்குப் போய்விடும். எதுவும் உறுத்தாத நாளிலும் தொடுகிறவர் என்பதால்தான் அவர் கண்டுபிடிக்கிறார். 27-க்குப் பிறகு அவர் உடனே ஓடுவதும் இல்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு 28-லிருந்து 40 வரைக்கும் தொட்டு முடிக்கிறார். ஒன்று மாறியிருந்தால் இரண்டும் மாறியிருக்கலாம். அந்தப் பதின்மூன்று சாவிகளை ஒரே நீண்ட வாக்கியமாக எழுதினேன்.

13. என் கதையில கொக்கி காலியா இருக்கு, சாவியே காணோம். காவலாளி உடனே போலீசுக்குப் போன் பண்றான். சரியா வருமா?

அவ்வளவு சீக்கிரம் யாரும் போன் செய்யமாட்டார்கள். காலிக் கொக்கி என்றால் முதலில் பதிவேடு: கடைசியாக யார் வாங்கினார்? பிறகு பக்கத்துக் கொக்கிகள், பலகையின் அடிப்பக்கம், மேசைக்குக் கீழே. பிறகு அந்தக் கதவு, ஏனென்றால் சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம். அப்புறம் வாங்கியவருக்கு ஒரு போன். பெரும்பாலும் அவர் வீட்டில், சட்டைப் பையில் இருக்கும். இவ்வளவுக்கும் கிடைக்காவிட்டால் பொறுப்பு அதிகாரி, கதவுக்குத் தனிப் பூட்டு, பதிவேட்டில் குறிப்பு. கதவு உடைந்திருந்தாலோ உள்ளே ஆள் இருப்பதாகத் தெரிந்தாலோ மட்டும் இந்த வரிசை தலைகீழாகும்.

இந்தத் தேடலையே கதையாக எழுதலாம். ஒவ்வொரு இடத்திலும் காவலாளி எதை எதிர்பார்த்துப் போகிறார் என்று தெரிந்தால் போதும்.

14. இப்பதான் எலக்ட்ரானிக் சாவிப் பெட்டி வந்துடுச்சே? கார்டு காட்டினாத்தான் திறக்கும், யார் எடுத்தாங்கன்னு அதுவே எழுதிக்கும். இந்தக் கதை பழசாயிடுச்சு இல்லையா?

அந்தப் பெட்டிகள் நல்லவை. பெட்டியை யார் எத்தனை மணிக்குத் திறந்தார், எந்த இடத்திலிருந்து எடுத்தார், திருப்பவில்லை என்றால் எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் தானாகப் பதிவாகும். என் கதையின் பகல் காவலாளி 27-ஐ எழுதாமல் எடுத்திருக்க முடியாது.

ஆனால் பெட்டி அடையாளம் காண்பது சாவியை இல்லை, சாவியோடு கோத்த சிப் வைத்த பிடியை. பிடி திரும்பி வந்தால் சாவி திரும்பி வந்ததாக எழுதிக்கொள்ளும். பிடியில் வேறு சாவி கோத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அவற்றில் வெட்டாமல் திறக்க முடியாத வளையம் போடுகிறார்கள். அந்த வளையம் முழுசாக இருக்கிறதா என்று யாரோ ஒருவர் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆறாவது பதிலில் சொன்ன விரிந்த சுருளின் கதைதான் இங்கேயும்.

15. மறுநாள் காலையில என்ன ஆச்சு? கடைசிப் பக்கம் எனக்குப் புரியல.

காலை 6 மணி. பகல் காவலாளி வருகிறார். இரவுக் காவலாளி ஒன்றும் சொல்வதில்லை, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைக்கிறார். பொறுப்பு வாங்க வேண்டுமானால் அந்த வரிகளுக்குக் கீழேதான் கையெழுத்துப் போடவேண்டும். அவர் படிக்கிறார். நாலு நிமிடத்தைப் பற்றிய கடைசி வரியை இரண்டு முறை படிக்கிறார். தன் பெயர் எங்கேயும் இல்லை என்பதையும், எதிரே நிற்கிறவர் தன் தப்பைத் தானே எழுதியிருக்கிறார் என்பதையும் பார்க்கிறார்.

இத்தனை வருடம் அவர் வாசலில் நின்றபடியே கண்ணால் எண்ணித்தான் பலகையை வாங்கியிருக்கிறார். அன்றைக்குப் பேனாவை எடுப்பதில்லை. பெட்டிக்கு நேராக வந்து நிற்கிறார். இடது கை விரலை முதல் கொக்கியின் மேல் வைத்து, வலது கையால் சாவியைக் கழற்றுகிறார்.